16 ரிலே ஓட்டணும், பின் பத்தல: 595-ஆ, டிபிக்-ஆ, எம்சிபி-யா?

தென்னந்தோப்புல சொட்டு நீர் லைனுக்கு 16 வால்வு. எல்லாம் 24 வோல்ட் ஏசி சோலினாய்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நீலக்கலர் ரிலே. ஆர்டுயினோ நானோல ஆர்டிசி, ஜிஎஸ்எம், பட்டன் எல்லாம் போக மிச்சம் இருந்தது 5 பின்னு. அப்ப எதையாவது வச்சு பின்னை பெருக்கித்தான் ஆகணும். மூணு வழியும் மாட்டிப் பாத்துட்டேன்: 74HC595 கூட அதுக்கு ரிலே இழுத்துத் தர்ற ULN2803, தனியாவே ரிலே ஓட்டற TPIC6B595, அப்புறம் ஐ2சி-ல பேசற MCP23017.

பொதுவா எல்லாரும் விலையையும் எத்தனை பின் மிச்சம்ங்கறதையும் வச்சுதான் ஒப்பிடறாங்க. என்னைக் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது ஒண்ணுதான், கரண்ட் வந்த முதல் ரெண்டு மூணு செகண்ட்ல அந்த சிப் என்ன பண்ணுது.

595-க்கு பவர் குடுத்த உடனே உள்ள 0 இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, எந்த ரிலே ஆன் எது ஆஃப்னு அதுவா ஒரு முடிவோட எந்திரிக்கும். நெட்ல கிடைக்கற முக்கால்வாசி படத்துல அவுட்புட்டைத் திறந்து மூடற OE பின்னை நேரா கிரவுண்டுல கட்டியிருப்பாங்க, நானும் அப்படியேதான் கட்டினேன். போதாக்குறைக்கு ஜிஎஸ்எம் நெட்வொர்க் புடிக்கற வரைக்கும் setup()-லயே காத்திருக்கற மாதிரி எழுதி வச்சிருந்தேன். ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு, ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து விட்டுருச்சு, ரிலே பாட்டுக்கு 5 வால்வைத் திறந்து வச்சிருக்கு. சிக்னல் கிடைக்காததால ப்ரோக்ராம் முதல் வரி டேட்டாவையே இன்னும் அனுப்பல. காலைல போய்ப் பாத்தா கீழ் வரப்பு முழுக்க சேறு.

சரி பண்றது ரொம்ப சுலபம், அதான் கடுப்பு. OE-க்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல ஒரு 10கே ரெசிஸ்டர், OE-ஐ நானோவோட ஒரு பின்னுக்கும் இழுத்துருங்க. நானோ எந்திரிக்கற வரைக்கும் அதோட பின் எல்லாம் இன்புட்டா இருக்கும், அதனால ரெசிஸ்டர் OE-ஐ மேலயே வச்சிருக்கும், 595 அவுட்புட் எதுவும் வெளிய வராது, யூஎல்என் ஆஃப்லயே இருக்கும். முதல் வேலையா 0 அனுப்பிட்டு அப்புறம் திறந்து விடணும்.

```cpp
void anuppu(uint16_t n) {
  digitalWrite(LATCH, LOW);
  shiftOut(DATA, CLOCK, MSBFIRST, n >> 8);
  shiftOut(DATA, CLOCK, MSBFIRST, n & 0xFF);
  digitalWrite(LATCH, HIGH);
}
// setup()-ல டேட்டா, க்ளாக், லேட்ச் pinMode முடிஞ்ச கையோட
anuppu(0);
digitalWrite(OE, LOW);
pinMode(OE, OUTPUT);
```

இந்த விஷயத்துல எம்சிபி-தான் நல்ல பிள்ளை. பவர் வந்ததும் 16 பின்னும் இன்புட்டாவே இருக்கும், நாம சொன்னாத்தான் அவுட்புட் ஆகும், தனியா ஒரு ஏற்பாடும் தேவையில்ல. டிபிக் 595-க்கு அண்ணன்தான், அதுக்கும் அதே ரெசிஸ்டர் வைத்தியம் பண்ணியே ஆகணும், அதுல அந்த பின்னுக்கு G-னு பேரு.

அடுத்தது கரண்ட் கணக்கு. 5 வோல்ட் நீல ரிலே காயில் 70 ஓம் சுமாருக்கு இருக்கும், அதாவது ஒண்ணுக்கு 71 மில்லி ஆம்ப். 595 சிப் முழுசுக்குமே எல்லை 70 மில்லி ஆம்ப், அப்ப ஒரே ஒரு ரிலேவை நேரா மாட்டினாலே கதை முடிஞ்சது. எம்சிபி ஒரு பின்னுக்கு 25 தான் தாங்கும், அதுவும் நேரா ரிலே ஓட்டாது. ரெண்டுக்கும் யூஎல்என் கட்டாயம். யூஎல்என் ஒரு இன்புட்டுக்கு ஒண்ணேகால் மில்லி ஆம்ப் சொச்சம்தான் கேக்கும், எட்டுக்கும் சேத்து 11, 595-க்கு அது தூசு. அதே மாதிரி வெறும் எல்ஈடி போர்டுன்னா 595 மட்டும் போதும், ஆனா ரெசிஸ்டர் 220 ஓம் போட்டு பளிச்சுனு எரிய விடாதீங்க, எட்டும் சேந்தா எல்லையைத் தாண்டிரும். 1கே போடுங்க, சிவப்பு எல்ஈடிக்கு 3 மில்லி ஆம்ப் வரும், பேனல்ல பாக்க அது தாராளம்.

டிபிக்-க்கு யூஎல்என்னே வேணாம். ஒரு அவுட்புட்டுக்கு 150 மில்லி ஆம்ப் வரைக்கும் தானே இழுக்கும், காயில் ஸ்பைக்கை 50 வோல்ட்ல உள்ளயே அமுக்கிரும், டயோடும் வேணாம். நாலு சிப் வேலை ரெண்டுல முடிஞ்சிருது, வயரிங் பாதி. கோடும் அதேதான், ஒரு எழுத்து மாறாது. ஆனா அது கிரவுண்டுக்கு இழுக்க மட்டும்தான் செய்யும், ப்ளஸ் குடுக்காது, அதனால எல்ஈடி, ரிலே எல்லாத்தையும் ப்ளஸ்லேர்ந்து தொங்க விடணும். ஈஎஸ்பி32 வச்சிருக்கவங்க ஜாக்கிரதை, 5 வோல்ட்ல ஓடற டிபிக் 'ஹை'னு ஒத்துக்க 4.25 வோல்ட் கேக்கும், 3.3 அதுக்குப் பத்தாது. சாதா 595-க்கும் 3.5 வேணும், டேபிள்ல ஓடும் தோட்டத்துல ஓடாது. HC-க்குப் பதிலா HCT வாங்கினா 2 வோல்ட்டே போதும். டிபிக்-ல இன்னொரு குறை, 595-உம் யூஎல்என்னும் எந்தக் கடைலயும் கிடைக்கும், இதை ஆன்லைன்ல போட்டு காத்திருக்கணும், தோப்புல சிப் புகைஞ்சா அன்னைக்கு தண்ணி இல்ல.

ரிலே 12 வோல்ட் மாடலா வாங்கிருங்க. காயில் 400 ஓம், 30 மில்லி ஆம்ப்தான், 16-உம் ஆன்ல இருந்தாலும் அரை ஆம்பைத் தாண்டாது. 5 வோல்ட் ரிலேன்னா அதே 16-க்கு 1.1 ஆம்ப், அது நானோவோட அதே சப்ளைல வந்தா ஒவ்வொரு தடவை கிளிக் பண்ணும்போதும் நானோ தலை சுத்தும்.

அப்புறம் அந்த பேய் பிடிச்ச மாதிரி ஆகறது. 6-ஆம் வால்வை ஆஃப் பண்ணா 9-ஆம் வால்வு தானா 10-க்கு தள்ளிருக்கும். எல்லாமே ஒரு இடம் நகந்திருந்தா அது க்ளாக் லைன்ல நாய்ஸ். லேட்ச் அடிச்ச அதே நொடில ரிலே விடுது, ஸ்பைக் க்ளாக்கையும் லேட்ச்சையும் சேத்து உசுப்பி விட்டுருது. தாறுமாறா மாறியிருந்தா இல்ல மொத்தமா அணைஞ்சிருந்தா அது பவர் அமுங்கினது. என் கேஸ்ல யூஎல்என்னோட 10-ஆம் பின்னை, அதான் COM, ரிலே ப்ளஸ்ல கட்ட மறந்திருந்தேன், உள்ள இருக்கற டயோடு சும்மா கிடந்துச்சு. அதைக் கட்டி, ஒவ்வொரு 595 பக்கத்துலயும் ஒட்டினாப்ல ஒரு 100 நானோ ஃபாரட் வச்சதும் அடங்கிருச்சு. லேட்ச் பின்னுலயே கெப்பாசிட்டர் வைக்கற படமும் சுத்திட்டிருக்கு, வைக்காதீங்க, லேட்ச் எட்ஜ் மழுங்கிப்போய் வேற வம்பு வரும். இதெல்லாம் போக அதே டேட்டாவை செகண்டுக்கு ஒருதரம் திரும்ப அனுப்பிட்டே இருங்க, எது கெட்டாலும் அடுத்த செகண்ட் நேராயிரும்.

எம்சிபி இந்த இடத்துலதான் மார்க் இழக்குது. ஸ்பைக்ல அது மட்டும் ரீசெட் ஆனா எல்லா பின்னும் திரும்ப இன்புட் ஆயிரும், நீங்க அவுட்புட் மதிப்பை எத்தனை தடவை எழுதினாலும் ரிலே அசையாது, திசை ரெஜிஸ்டரையும் சேத்து எழுதினாத்தான் உயிர் வரும். எஸ்டிஏ லைன் கீழ மாட்டிக்கிட்டா பழைய Wire லைப்ரரில நானோவே உறைஞ்சு நின்னுரும், புதுசுக்கு மாறி setWireTimeout போட்டே ஆகணும். ஆனா ஒரு நல்லது, சிப் உயிரோட இருக்கான்னு அது பதில் சொல்லும், endTransmission() 0 குடுக்கலைன்னா எஸ்எம்எஸ் அடிச்சிரலாம். 595 ஊமை. வேணும்னா கடைசி சிப்போட 9-ஆம் பின்னை நானோவுக்குத் திருப்பிக் குடுத்து, போன தடவை அனுப்பினது அப்படியே வெளிய வருதான்னு சரி பாக்கலாம். என்கிட்ட மிச்சம் இருந்த அஞ்சாவது பின்னு அதுக்குத்தான் போச்சு.

ஃப்ளோட் சுவிட்ச், பிரஷர் சுவிட்ச்னு உள்ள வர்ற சிக்னலும் நிறைய இருந்தா, எல்லாம் ஒரே போர்டுல ஒரு ஜாண் தூரத்துக்குள்ள இருந்தா எம்சிபி எடுங்க. வெறும் ரிலே மட்டும், சிப் வர ரெண்டு நாள் பொறுக்க முடியும்னா டிபிக். தோப்பு பேனல்ல இப்ப ஓடறது 595-உம் யூஎல்என்னும்தான், சாக்கெட்ல உக்காந்திருக்கு, டப்பா மூடில செலோடேப் போட்டு ரெண்டு ரெண்டு ஸ்பேர் ஒட்டி வச்சிருக்கேன்.