‘சர்வோ’ என்று 47,500 ரூபாய் வாங்கினார்கள், வந்தது சாதாரண ஸ்டெப்பர்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தக்கலைப் பக்கம் சின்ன மரப் பட்டறை நடத்துகிறேன். கதவிலும் கட்டில் தலைமாட்டிலும் பூவேலை செதுக்க ஒரு சிஎன்சி ரவுட்டர் வைத்திருக்கிறேன். அதற்கு, எவ்வளவு சுற்றினோம் என்று தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் சர்வோ மோட்டார் போட்டுத் தருவதாகச் சொல்லி, சிஎன்சி உதிரிபாகங்களை இணையத்தில் விற்கும் ஒரு கடை என்னிடம் 47,500 ரூபாய் வாங்கியது. வந்தது சர்வோவே இல்லை, என் மெஷினில் ஏற்கெனவே இருந்த மாதிரி, பல்ஸுக்கு ஒரு ஸ்டெப் என்று நகரும் சாதாரண ஸ்டெப்பர்தான் என்பது போன வாரம்தான் உறுதியானது.

மெஷினில் இருந்த கோளாறு இதுதான். செதுக்கும்போது ஒன்றும் ஆகாது. ஒரு பூவை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு வேகமாக ஓடும்போது எக்ஸ் அச்சு மோட்டார் உறுமி, சில மில்லிமீட்டர் தவறவிட்டுவிடும். அதற்குப் பிறகு செதுக்குவதெல்லாம் இடம் மாறி விழும். நல்ல தேக்குப் பலகை வீணாகும்.

அந்தக் கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாக எல்லாம் கேட்டார். ஸ்பீக்கரைப் போட்டு மெஷின் பக்கத்தில் போனை வைக்கச் சொன்னார். உறுமலைக் கேட்டதும், “அண்ணாச்சி, இது மோட்டார் தளர்ந்துபோன சத்தம். ஸ்டெப்பரே இப்படித்தான். சர்வோ போடுங்க, ஒரு ஸ்டெப்கூட தவறாது. தப்பா போனா நான் பொறுப்பு” என்றார். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு ஒருவர் சொல்லும்போது யாருக்கும் நம்பிக்கை வரத்தான் செய்யும். அன்றே 47,500 ரூபாயை முழுதாக அனுப்பினேன். பில்லிலும் ‘சர்வோ கிட், மூன்று அச்சு’ என்றே போட்டிருந்தார்கள்.

பொருத்த ஒரு பையனை அனுப்பினார்கள். மோட்டாரிலிருந்து நான்கு வயர் மட்டும் வந்தது. சர்வோ என்றால் சுற்றிய அளவைச் சொல்லும் என்கோடருக்குத் தனி வயர் வரவேண்டும். “என்கோடர் வயர் எங்கே தம்பி?” என்று கேட்டேன். “அது உள்ளேயே இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாளே பழைய உறுமல், பழைய தவறல்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதலில் “டெக்னிக்கல் டீம் கூப்பிடும்” என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. நானே விடாமல் கூப்பிட்டபோது “உங்க ஊர்ல கரண்ட் ஏற்ற இறக்கம் ஜாஸ்தி” என்றார்கள். ஸ்டெபிலைசர் இருக்கிறது என்றேன். “கன்னியாகுமரி கடலோரம்ல, உப்புக்காத்துல கனெக்‌ஷன் கெட்டிருக்கும்” என்றார்கள். தக்கலைக்கும் கடலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியாக, “பொருத்தின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது.” பொறுப்பு என்று சொன்ன மனிதர் இப்போது என் நம்பரையே எடுப்பதில்லை.

நாகர்கோவிலில் மெஷின் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். கரண்டை நிறுத்திவிட்டு, கப்ளிங்கைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றினார். கடகடவென்று பல்பல்லாக நின்று நின்று சுற்றியது. ஒரு சுற்றுக்கு 200 இடத்தில் அப்படி நின்றால் அது ஸ்டெப்பர். ஏசி சர்வோ பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு சுற்றும். அதற்கு மூன்று பவர் வயரும், அது தவிர என்கோடருக்குத் தனிக் கேபிளும் இருக்கும். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டிதான் டிரைவர்; எனக்கு வந்த டிரைவரில் என்கோடர் சொருகும் இடமே கிடையாது.

அடுத்து அவர் காட்டியதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. என் பழைய மோட்டாரில் கோளாறே இல்லை. கழற்றி வைத்திருந்த அதையும் பழைய 542 வகை டிரைவரையும் திரும்ப மாட்டினார். மோட்டார் ஒரு ஃபேஸுக்கு, அதாவது ஒரு சுருளுக்கு, 4.2 ஆம்பியர். மெஷின் செய்து கொடுத்தவர்கள் டிரைவரின் குட்டி சுவிட்சுகளை 1.91 ஆம்பியரில் விட்டிருந்தார்கள். அதுவும் உச்ச அளவு, ஆர்எம்எஸ் என்ற ஒருவகைச் சராசரிக் கணக்கில் சுமார் 1.36 தான். மோட்டார் லேபிளில் இருப்பது பொதுவாக ஆர்எம்எஸ். டிரைவர் அட்டவணையிலோ உச்ச அளவும் ஆர்எம்எஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு கரண்டில்தான் அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் சுவிட்சுகளைக் கடைசி அளவான 4.2 உச்சத்துக்கு, அதாவது 3 ஆம்பியர் ஆர்எம்எஸ்ஸுக்கு மாற்றினார். நிற்கும்போது கரண்ட் பாதியாக இறங்கும்படியும் சுவிட்சை வைத்தார், மோட்டார் சும்மா சுடக்கூடாது என்று.

இழுவை கூடியது. ஆனால் வேக ஓட்டத்தில் இன்னும் தவறியது. காரணம் 24 வோல்ட் சப்ளை. இந்த டிரைவர் சாப்பர் வகை. மோட்டார் சுருளின் மின்தடை 0.9 ஓம்தான், 24 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கரிந்துவிடும். கரண்ட் குறித்த அளவைத் தொட்டதும் டிரைவர் வெட்டும், இறங்கியதும் மறுபடி விடும், நொடிக்குப் பல ஆயிரம் தடவை. ஆகவே வோல்டேஜ் அதிகமாக இருப்பது மோட்டாரை எரிப்பதற்கில்லை. சுருளுக்குள் கரண்டைச் சீக்கிரம் ஏற்றுவதற்கு. கரண்ட் ஏறுவதை இழுத்துப்பிடிப்பது சுருளின் இண்டக்டன்ஸ்; என் சுருளில் அது 3.8 மில்லிஹென்றி. 4.2 ஆம்பியர் ஏற 24 வோல்ட்டில் சுமார் 0.66 மில்லிசெகண்ட், 36 வோல்ட்டில் 0.44. அச்சை நகர்த்தும் என் ஸ்குரு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ.; நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஓடினால் மோட்டார் 600 சுற்று. அப்போது ஒரு முழு ஸ்டெப்புக்கு 0.5 மில்லிசெகண்ட்தான் கிடைக்கிறது. 24 வோல்ட்டில் கரண்ட் ஏறி முடிவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடுகிறது. சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். 36 வோல்ட் சப்ளை மாட்டியதும் தவறல் நின்றது.

மெதுவான ஓட்டத்தில், நிமிடத்துக்கு 300 மி.மீ. அருகில், ஒரு உறுமல் மட்டும் மிச்சம் இருந்தது. அது ரெசொனன்ஸ். அந்த வேகத்தில் ஸ்டெப்களின் தாளமும் ரோட்டரின் இயல்பான ஆட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ போய்விட்டால் அது ரெசொனன்ஸ்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்டெப்பை இன்னும் சின்னச் சின்னதாகப் பிரிப்பது மைக்ரோஸ்டெப்; சுற்றுக்கு 400 பல்ஸாக இருந்த அதை 1600 ஆக்கினார். அதற்கேற்ப, மெஷினை ஓட்டும் Grbl மென்பொருளில் எக்ஸ் அச்சு ஒரு மி.மீ. நகர எத்தனை பல்ஸ் என்று சொல்லும் `$100` என்ற மதிப்பை 80-லிருந்து 320-க்கு மாற்ற வேண்டியிருந்தது. உறுமல் பெரும்பாலும் அடங்கியது. இப்படிப்பட்ட சத்தங்களைத்தான் போனில் அந்தக் கடைக்காரர் ‘தளர்ந்த மோட்டார்’ என்று சொன்னார்!

அவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. புது மோட்டாரையும் அதே 24 வோல்ட்டில்தான் மாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு சப்ளையும் சில சுவிட்சுகளும் தீர்த்திருக்கும் விஷயத்துக்கு 47,500 ரூபாய்.

நிஜ சர்வோவே வந்திருந்தாலும் எனக்கு அது தேவையா என்று நண்பரிடம் கேட்டேன். 400 வாட் சர்வோ 3000 சுற்றில் 1.27 நியூட்டன் மீட்டர் தரும். நான் ஓட்டுவது 600 சுற்று. கியரோ பெல்ட்டோ வைத்துக் குறைக்காமல் நேராக மாட்டினால் அதன் திறனில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். குறைந்த வேகத்தில் அதே விலைக்கு ஸ்டெப்பர்தான் அதிக இழுவை தரும் என்றார். நாள் முழுக்க உற்பத்தி, நீள அச்சு, வேக ஓட்டம் இருந்தால் சர்வோ சரி. இரண்டுக்கும் நடுவில், என்கோடர் வைத்த குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் இருக்கிறது. தவறினால் திருத்தப் பார்க்கும், முடியாவிட்டால் அலாரம் அடித்து நிற்கும், பலகை தப்பிக்கும். அதையும் சர்வோ என்றே விற்கிறார்கள். எனக்கு அதுகூட வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம்.

இப்போதைக்கு இவ்வளவு சொல்கிறேன். மோட்டார் மாற்றச் சொன்னால், முதலில் டிரைவர் சுவிட்சையும் சப்ளை வோல்டேஜையும் அளந்து பாருங்கள். வேக ஓட்டத்தில் மட்டும் தவறினால், Grbl-இல் எக்ஸ் அச்சின் அதிகபட்ச வேகத்தை `$110=1500` என்று பாதியாக்கிப் பாருங்கள். தவறல் நின்றுவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். சர்வோ என்று வந்தால் என்கோடர் கேபிளைக் கண்ணால் பார்க்காமல் பொருத்த விடாதீர்கள். ஓடும்போது டிரைவரிலிருந்து மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது, டிரைவர் போய்விடும். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள்.