பழைய பில்லைத் திறக்காமல் போட்ட கிரெடிட் நோட்டுகள்: இரண்டு வருட அனுபவம்

இந்த பில்லிங் மென்பொருளை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. விற்பனைப் பக்கத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிட்டர்ன் பகுதிதான் என்னைப் படுத்தி எடுத்தது, அதிலும் பாதித் தப்பு என்னுடையது.

திரும்பி வந்த பொருளின் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் கழித்துக் கொடுக்கும் சீட்டுதான் கிரெடிட் நோட், அதைப் போட இதில் இரண்டு வழி. பழைய பில்லைத் திறந்து அதிலிருந்தே போடலாம், இல்லையென்றால் வெற்றுத் திரையில் பொருளின் பெயரை அடித்துப் போடலாம். இரண்டாவது சீக்கிரம் முடியும் என்பதால் முதல் ஆறு மாதம் அப்படியே ஓட்டினேன். மாதக் கடைசியில் வரிக் கணக்கு சில்லறை சில்லறையாக இடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து ஒரே ஒரு ரிட்டர்னைப் பிரித்துப் பார்த்தேன்.

பில்லில் 800க்கு ஒரு பொருள், 200க்கு ஒன்று, மொத்தத்தில் 100 தள்ளுபடி, வரி 10 சதவீதம். தள்ளுபடியை விலைக்கேற்பப் பங்கிட்டால் சின்னப் பொருள் விற்றது 180க்குத்தான், வரி 18. அது திரும்பி வந்தால் கொடுக்க வேண்டியது 198. வெற்றுத் திரைக்குத் தள்ளுபடி நடந்ததே தெரியாதே! விலைப்பட்டியலில் இருந்த 200ஐ எடுத்து, 20 வரி சேர்த்து, 220 கொடுத்துவிட்டது. 22 கைவிட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பொருளுக்கு வரியாகக் காட்டியதே 18 என்றிருக்க 20ஐக் கழித்திருக்கிறேன், அதை எப்படி நியாயப்படுத்துவது? நடுவில் வரி விகிதம் மாறியிருந்தால் இன்னும் மோசம், விற்ற அன்றைய விகிதம் பழைய பில்லில்தானே இருக்கிறது.

இப்போது பில் எண் இல்லாமல் கிரெடிட் நோட் போட முடியாதபடி அமைப்பில் பூட்டிவிட்டேன். பில்லைத் தேட ஒரு நிமிடம் கூடப் போகிறது, போகட்டும்.

அப்புறம் ஸ்டாக். கிரெடிட் நோட்டைச் சேமித்ததும் பொருள் தானாக விற்பனை இருப்பில் ஏறிவிடும். உடைந்து வந்ததும் அப்படித்தான் ஏறியது, அடுத்த ஆர்டருக்கு எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அதனால் ரிட்டர்ன் எல்லாம் முதலில் 'சோதனை' என்ற தனி இருப்புக்குப் போகும்படி வைத்தேன், பிரித்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு மாற்றுகிறோம். எந்த அடக்க விலையில் ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். விற்றபோது அடக்கம் 120, இன்று வாங்கும் விலை 150 என்றால், 150இல் ஏற்றினால் இல்லாத 30 லாபமாகத் தெரியும். பில்லிலிருந்து போட்டால் 120ஐச் சரியாக எடுக்கிறது.

இன்னும் தீராத ஒரு குறை உண்டு. மூன்று பொருளுக்குச் சேர்த்து வரி 10.00 என்றிருந்து, அவை ஒவ்வொன்றாகத் திரும்பினால் மூன்று தடவையும் 3.33 போட்டு 0.01ஐத் தொங்கவிடுகிறது. கடைசி ரிட்டர்னில் 3.34 என்று இன்றுவரை கையால்தான் திருத்துகிறேன்.