அசைன்மென்ட்டில் அட்டவணையும் வரைபடமும்: எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டையும் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

முதுகலைப் பொருளியல் படித்த காலத்தில் கல்லூரி லேபில் எக்செல், வீட்டில் லிப்ரே ஆபீஸ் கால்க் என்று இரண்டிலும் வேலை செய்தேன். இப்போதும் ஜூனியர்கள் அசைன்மென்ட்டைக் கொண்டுவந்து காட்டும்போது இந்த இரண்டையும்தான் திறக்கிறேன். இரண்டுமே நல்ல கருவிகள். ஆனால் எந்த வரைபடம், அச்சு எங்கே தொடங்க வேண்டும், தலைப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால் அவை தாமாகவே முடிவு செய்துவிடும். அந்த முடிவு பல நேரம் நம் தரவுக்குப் பொருந்தாது. அது எங்கெங்கே நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஒரே தரவை வைத்துச் சொல்கிறேன்.

அட்டவணை 1: தமிழ்நாட்டில் எழுத்தறிவு விகிதம், 1991–2011 (7 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் சதவீதம்)

| ஆண்டு | ஆண் | பெண் | மொத்தம் |
|---|---|---|---|
| 1991 | 73.75 | 51.33 | 62.66 |
| 2001 | 82.42 | 64.43 | 73.45 |
| 2011 | 86.77 | 73.44 | 80.09 |

ஆதாரம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

இந்தத் தலைப்பில் இடம், காலம், அலகு மூன்றும் இருக்கின்றன. அதோடு, யாரை வைத்துக் கணக்கிட்ட சதவீதம் என்பதும் இருக்கிறது. மாணவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். 1991 கணக்கெடுப்பிலிருந்துதான் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தறிவு விகிதம் கணக்கிடுகிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் எல்லை வேறு. அதனால் 1981 எண்ணை எங்கிருந்தோ எடுத்து இந்த அட்டவணையின் மேல் வரிசையில் சேர்த்தால், ஒப்பிடக் கூடாத இரண்டை ஒப்பிட்டதாகிவிடும். தலைப்பில் வயது வரம்பு எழுதியிருந்தால் எழுதுபவருக்கே அது உறுத்தும்.

இந்த அட்டவணையை எக்செல்லில் தட்டச்சு செய்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து வரைபடம் போட்டால் முதல் சிக்கல் உடனே தெரியும். ஆண்டு என்பதும் எண்தானே, அதனால் எக்செல் அதையும் ஒரு தரவுத் தொடராக எடுத்துக்கொள்ளும். 2000 உயரத்துக்கு ஒரே மாதிரி மூன்று பெரிய பட்டைகள், அவற்றின் பக்கத்தில் தரையோடு ஒட்டிய எழுத்தறிவுப் பட்டைகள் என்று வரும். இதற்கு எளிய வழி, வரைபடம் போடும் நேரத்தில் இடது மேல் மூலைக் கட்டத்தை, அதாவது ‘ஆண்டு’ என்று எழுதிய A1ஐ, காலியாக விடுவது. அப்போது முதல் நெடுவரிசை அச்சில் எழுதும் பெயர்கள் என்று எக்செல் புரிந்துகொள்கிறது. வரைபடம் வந்த பிறகு ‘ஆண்டு’ என்று திரும்ப எழுதிக்கொள்ளலாம். கால்க்கில் இது இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. வரைபட விசார்டில் First column as label என்ற தேர்வுப் பெட்டியைச் சரிபார்த்தால் போதும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கால்க்தான் பிடிக்கும்.

இரண்டாவது சிக்கல் வட்ட வரைபடம். 2011ஆம் ஆண்டு ஆண், பெண் விகிதங்களை மட்டும் எடுத்து ஒரு ஜூனியர் வட்டமாகப் போட்டுக் கொண்டுவந்தாள். ஆண் 54%, பெண் 46% என்று அழகாக எழுதியிருந்தது.

“அக்கா, இதில் என்ன தப்பு? சதவீதத்தை சாஃப்ட்வேரே போட்டுத் தந்ததே?” என்றாள்.

86.77, 73.44 இரண்டையும் கூட்டினால் 160.21 வருகிறது. வட்டம் அதை முழுமையாக எடுத்துக்கொண்டு, 86.77 அதில் 54% என்று காட்டுகிறது. அந்த 54க்கு எந்தப் பொருளும் இல்லை. படித்த தமிழர்களில் ஆண்கள் 54% என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அது வேறு கேள்வி, அதற்கு ஆட்களின் எண்ணிக்கை வேண்டும். ஒரே முழுமையின் பங்குகளாக இருந்து, கூட்டினால் 100 வரும் தரவுக்கு மட்டும்தான் வட்ட வரைபடம். அவளிடம் கால்குலேட்டரைக் கொடுத்துக் கூட்டச் சொன்னேன், 160ஐப் பார்த்ததும் அவளே அழித்துவிட்டாள்.

அப்புறம் அச்சு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ‘மொத்தம்’ என்ற நெடுவரிசையில் 2001, 2011 இரண்டை மட்டும் பட்டையாகப் போட்டுப் பாருங்கள். எண்கள் 73.45, 80.09. இப்படி நெருக்கமான எண்களாக இருந்தால் எக்செல் செங்குத்து அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காது, 70லிருந்து தொடங்கும். அப்போது 2001 பட்டையின் உயரம் 3.45 அலகு, 2011 பட்டையின் உயரம் 10.09 அலகு. ஒன்று மற்றதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தெரியும். உண்மையில் உயர்ந்தது 6.64 சதவீதப் புள்ளி. பட்டை வரைபடத்தில் கண் அளப்பது நீளத்தை. எனவே பட்டை என்றால் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். அச்சின் மேல் வலது கிளிக் செய்து Format Axis போய் Minimum என்ற இடத்தில் 0 என்று நாமே எழுதிவிட வேண்டும்.

கோட்டு வரைபடத்தில் கண் பார்ப்பது சரிவை. அங்கே பூஜ்யம் கட்டாயம் இல்லை. ஆனால் அச்சு எங்கே தொடங்குகிறது என்பது எண்களோடு தெளிவாகத் தெரிய வேண்டும். என் அட்டவணைக்கு நான் கோட்டையே தேர்ந்தெடுப்பேன். ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு. ‘மொத்தம்’ அட்டவணையிலேயே இருக்கட்டும். வரைபடம் சொல்ல வேண்டிய செய்தி இரண்டு கோடுகளும் நெருங்கிவருகின்றன என்பது. நடுவில் மூன்றாவது கோடு ஓடினால் அந்த இடைவெளி கண்ணில் படாது.

கோட்டு வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு, அது கிடை அச்சில் இருக்கிறது. எழுத்தறிவுத் தரவில் ஆண்டுகள் பத்துப் பத்தாக இருப்பதால் அது வெளியே தெரியாது. தமிழ்நாட்டு மக்கள்தொகையை எடுத்தால் தெரியும். நடுவில் சில ஆண்டுகள் கிடைக்காமல், 1951க்கு 3.01 கோடி, 1981க்கு 4.84, 1991க்கு 5.59, 2001க்கு 6.24, 2011க்கு 7.21 என்று மட்டும் ஒருவர் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். Line என்ற வகையில் போட்டால் ஐந்து புள்ளிகளும் சம இடைவெளியில் உட்காரும். 1951க்கும் 1981க்கும் நடுவே உள்ள 30 ஆண்டும், மற்ற இடங்களில் உள்ள 10 ஆண்டும் ஒரே அகலம். கோடு முதலில் செங்குத்தாக ஏறிப் பிறகு தளர்வதுபோல் இருக்கும். முதல் 30 ஆண்டில் மக்கள்தொகை வேகமாக வளர்ந்தது, 1981க்குப் பிறகு வேகம் குறைந்தது என்று மாணவர் முடிவுரையில் எழுதியும் விடுவார். கணக்குப் போட்டால், முதல் 30 ஆண்டில் கூடியது 1.83 கோடி, பத்தாண்டுக்குச் சராசரியாக 0.61. அதற்குப் பிறகு வந்த பத்தாண்டுகளில் 0.75, 0.65, 0.97. கூடிய ஆட்களின் எண்ணிக்கையில் படம் சொன்னதற்கு நேர்மாறு. ஆண்டுகள் சீராக இல்லாவிட்டால் Scatter வகையில் கோடு இணைத்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கால்க்கில் அது XY (Scatter). அது ஆண்டை உண்மையான எண்ணாக எடுத்துக்கொண்டு தூரத்தைச் சரியாக வைக்கும்.

மக்கள்தொகை என்றதும் இன்னொன்று. அச்சில் 80,000,000 என்று பூஜ்யங்களாக வரிசையில் நின்றால் நம் ஊரில் யாரும் படிக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு கோடியாக மாற்றிவிடுங்கள்:

```
=B2/10000000
```

அச்சின் தலைப்பு ‘மக்கள்தொகை (கோடி)’. அலகு அச்சுத் தலைப்பிலேயே இருந்தால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் எழுதத் தேவையில்லை. எழுத்தறிவுக்கு ‘எழுத்தறிவு விகிதம் (%)’. எக்செல்லில் அச்சுத் தலைப்பு தானாக வராது, Chart Elements போய் Axis Titles என்பதைச் சேர்க்க வேண்டும். செங்குத்து அச்சின் தலைப்பைச் சாய்த்துத்தான் வைக்கும். நீளமான தமிழ்ச் சொல்லைக் கழுத்தைத் திருப்பிப் படிப்பது சிரமம். அதை நேராக்கி, அச்சின் உச்சிக்கு மேலே கொண்டுபோய் வைப்பது என் வழக்கம்.

படத்தின் தலைப்புக்கு வருவோம். ‘எழுத்தறிவு வரைபடம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நான் எழுதுவது இப்படி: ‘படம் 1: தமிழ்நாட்டில் ஆண், பெண் எழுத்தறிவு இடைவெளி 1991இல் 22.4 சதவீதப் புள்ளியிலிருந்து 2011இல் 13.3 ஆகக் குறைந்தது (7 வயதும் அதற்கு மேலும். ஆதாரம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு).’ ஒரே வாக்கியத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. சில பேராசிரியர்கள் தலைப்பில் முடிவைச் சொல்லக் கூடாது, விவரம் மட்டும் போதும் என்பார்கள். அப்படியானால் அந்த வாக்கியத்தைப் படத்துக்கு முந்தைய பத்தியில் வைத்து, ‘படம் 1 காட்டுவதுபோல’ என்று குறிப்பிடலாம். இரண்டு இடத்திலும் இல்லாமல் போவதுதான் பிரச்சினை. இன்னொரு கவனம்: 22.4க்கும் 13.3க்கும் உள்ள வித்தியாசத்தை 9% என்று எழுதாதீர்கள், அது 9 சதவீதப் புள்ளி.

எண்களைக் கையால் போடாதீர்கள். வேர்டில் References, பிறகு Insert Caption, அதில் New Label கொடுத்துப் ‘படம்’, ‘அட்டவணை’ என்று தமிழிலேயே வகை உருவாக்கலாம். லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Insert Caption வழியாக இதையே செய்யலாம். நடுவில் ஒரு படம் சேர்த்தாலும் மற்றவை தாமாக எண் மாறிக்கொள்ளும். பத்திக்குள் உள்ள குறிப்பையும் Cross-reference ஆகச் செருகியிருந்தால் அதுவும் மாறும். வேர்டில் கடைசியாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து F9 அழுத்த வேண்டும். வழக்கமாக அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே.

தமிழ் எழுத்துருவில் கால்க் சற்றுப் படுத்தும். அங்கே ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு CTL என்ற தலைப்பில் வேறோர் எழுத்துரு. வரைபடத்தின் அச்சில் எழுத்தளவை 12 ஆக்கியும் எண்கள் மட்டும் பெரிதாகி, தமிழ் அப்படியே இருந்தால் மாற்றியது ஆங்கிலப் பகுதியை மட்டும் என்று அர்த்தம். CTL பகுதியிலும் 12 கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் Tools, Options போய் மொழி அமைப்புகளில் அதை இயக்க வேண்டும். எக்செல்லில் இந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை.

கடைசியாக நிறம். பெரும்பாலான அசைன்மென்ட்டுகள் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில்தான் வெளியே வருகின்றன. திரையில் தெளிவாகத் தெரிந்த சிவப்பும் பச்சையும் தாளில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், பக்கத்தில் உள்ள நிறக் குறிப்புப் பெட்டியால் பயனே இருக்காது. நான் அந்தப் பெட்டியை நீக்கிவிட்டு, கோட்டின் வலது முனையில் ‘ஆண்’, ‘பெண்’ என்று நேரடியாக எழுதிவிடுவேன். ஒரு கோடு முழுக்கோடு, இன்னொன்று விட்டுவிட்டுப் போகும் கோடு. கடைக்குப் போகும் முன் பிடிஎஃப்பாகச் சேமித்து, அதைத் திறந்து எழுத்துகள் உடையவில்லையா என்று பார்த்து, ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்ப்பேன். அதில் எது ஆண், எது பெண் என்று தெரிந்தால் மீதிப் பக்கங்களை எடுக்கச் சொல்வேன்.