இன்ச்சில் 42, செ.மீ.யில் 44: அளவு அட்டவணையை நம்பி கோட் வாங்குபவர்கள் கவனிக்கவும்

ஆன்லைனில் ஒரு கோட் வாங்கினேன். இழுபடாத கனமான துணி. போட்டுப் பார்த்தால் தோளும் கையும் சரியாக இருக்கின்றன, மார்பில் மட்டும் பட்டன் போட முடியவில்லை. மாற்றித் தரவும் மாட்டோம் என்றுவிட்டார்கள். காரணம் என்னவென்று தோண்டிப் பார்த்தபோதுதான் கோளாறு அவர்களுடைய கணக்கில் இருப்பது தெரிந்தது.

உடம்பளவைத்தான் போட வேண்டும் என்று அவர்கள் பக்கத்திலேயே எழுதியிருந்தது. என் மார்பளவு 42.5 இன்ச். சைஸ் சொல்லும் கட்டத்தில் அதைப் போட்டேன், ‘42’ என்று காட்டியது. அதையே ஆர்டர் செய்தேன். கோட் வந்ததும் உள்பக்கத் துணிச்சீட்டைப் பார்த்தால் ‘42 / 105 செ.மீ.’ என்று அச்சாகியிருக்கிறது. அங்கேதான் சந்தேகம் வந்தது. ஒரு இன்ச் என்பது துல்லியமாக 2.54 செ.மீ. அப்படியானால் 42 இன்ச் 106.7 செ.மீ. ஆக வேண்டும். 105 வருவது 2.5-ஆல் பெருக்கினால்தான்.

என் அளவை ஒழுங்காக மாற்றினால் 42.5 × 2.54 = 107.95, அதாவது கிட்டத்தட்ட 108 செ.மீ. அவர்களுடைய சைஸ்கள் 105, 110 என்று ஐந்து ஐந்தாக ஏறுகின்றன. இரண்டுக்கும் நடு 107.5. நான் அதைத் தாண்டிவிட்டேன், ஆகவே எனக்கு உரியது 110, அதாவது 44. அவர்கள் முறையில் 42.5 × 2.5 = 106.25. இது நடுவுக்குக் கீழே விழுகிறது, அதனால் 105. அதே கட்டத்தில் இன்ச்சை எடுத்துவிட்டு 108 செ.மீ. என்று போட்டுப் பார்த்தேன். உடனே ‘44’ என்றது. ஒரே உடம்பு, ஒரே கட்டம், இரண்டு பதில்!

இரண்டு திரைப்பிடிப்புகளையும் அனுப்பி வைத்தேன். “42.5க்குப் பக்கத்தில் இருப்பது 42தானே, எங்கள் கணக்கு சரிதான். அந்தக் கட்டம் ஒரு வழிகாட்டிதான், முடிவு உங்களுடையது” என்று பதில் வந்தது. அந்த 42 உண்மையான 42 இன்ச்சாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன், அரை இன்ச் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீட்டில் இருப்பது 105. என் உடம்புக்கும் அதற்கும் இடைவெளி ஏறக்குறைய 3 செ.மீ. இதற்கு மேல் அவர்களிடமிருந்து பதிலே இல்லை.

இதில் மாட்டப்போவது நான் மட்டும் அல்ல. 42க்கும் 44க்கும் நடுவான 107.5 செ.மீ. உண்மையில் 42.3 இன்ச். அவர்கள் கணக்கில் அது 43 இன்ச். ஆக 42.3க்கும் 43க்கும் இடைப்பட்ட எல்லோருக்கும் ஒரு சைஸ் குறைத்துத்தான் காட்டும். 40க்கும் 42க்கும் இடையே பார்த்தால் 40.4 முதல் 41 வரை உள்ளவர்களுக்கு இதே கதி. ஒவ்வொரு இரண்டு இன்ச் படியிலும் மூன்றில் ஒரு பங்கு போல இப்படிப் போய்விடுகிறது. அளவு கூடக் கூட வித்தியாசமும் கூடும்: 30 இன்ச்சில் 1.2 செ.மீ., 50 இன்ச்சில் 2 செ.மீ. பெரிய சைஸ் போடுபவர்களுக்குத்தான் அடி அதிகம்.

ஆர்டர் செய்வதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். அட்டவணையில் 38, 40, 42 இன்ச்சுக்கு நேராக 95, 100, 105 என்று எல்லாம் ஐந்திலும் சைபரிலும் முடிந்தால் சந்தேகப்படுங்கள். சரியாக மாற்றியிருந்தால் 96.5, 101.6, 106.7 என்றோ, முழு எண்ணாக்கி 97, 102, 107 என்றோ இருக்கும். ஐந்து ஐந்தாக ஏறும் அட்டவணையே தப்பு என்று சொல்லவில்லை. செ.மீ.யிலேயே வெட்டித் தைப்பவர்கள் அப்படித்தான் போடுவார்கள். அங்கே கோளாறு பக்கத்தில் ஒட்டிவைத்த இன்ச் எண்ணில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் டேப்பின் செ.மீ. பக்கத்திலேயே அளந்து, செ.மீ. வரிசையோடு நேராக ஒப்பிடுங்கள், மாற்றும் வேலையே வேண்டாம்.

இன்ச்சில்தான் அளவு இருக்கிறது என்றால் 2.54-ஆல் பெருக்கி, வந்த விடையைத் தசமத்தோடு அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை பக்கத்துச் சைஸுக்குக் கொண்டுபோங்கள். முதலிலேயே 42.5-ஐ 42 ஆக்கிவிட்டுப் பெருக்கினால் 106.7தான் வரும், அது உங்களை 105 பக்கம் தள்ளிவிடும். நடுவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் துணியைப் பாருங்கள். இழுபடாத துணிக்குப் பெரிய சைஸ்தான். தளர்வைப் பிடித்துத் தைக்கலாம், இல்லாத துணியை எங்கிருந்து கொண்டுவருவது?

அப்புறம், கட்டம் சொன்ன சைஸையும் அட்டவணையையும் வாங்கும் அன்றே திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ‘இந்தச் சைஸ் எத்தனை செ.மீ. உடம்புக்கு வெட்டியது?’ என்று எழுத்தில் கேளுங்கள். செ.மீ.யில் பதில் சொல்லாமல் இன்ச்சையே திருப்பிச் சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.