கேட்காமலே "லேட்டஸ்ட் டிரைவர்" போட்டுத் தரும் சர்வீஸ் கடை: 28,000 ரூபாயிலிருந்து தப்பிய கதை

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். போன மாதம் கம்ப்யூட்டரைத் தூசி தட்டக் கொடுத்தேன். பில்லில் "டிரைவர் அப்டேட் 400" என்று ஒரு வரி. டிரைவர் என்பது கார்டை விண்டோஸோடு சேர்ந்து இயங்க வைக்கும் மென்பொருள். நான் அதைக் கேட்கவே இல்லை. "கிராபிக்ஸ் கார்டுக்கு லேட்டஸ்ட் போட்டிருக்கேன் சார், சும்மா பறக்கும்" என்றார் கடைக்காரர்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் இரண்டாவது மானிட்டர் இருட்டு. எக்ஸ்போர்ட் ஓடும்போது திரை உறைந்து, கறுத்து, திரும்பி வரும். மறுபடி கொண்டுபோனேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "கார்டு போயிடுச்சு சார், புதுசு 28,000 ஆகும்" என்றார்.

ஒரு நாள் டைம் கேட்டு வீட்டுக்கு வந்து, விண்டோஸ் தன் கோளாறுகளைத் தேதியோடு குறித்து வைக்கும் Event Viewer-ஐத் திறந்தேன். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டெடுத்துவிட்டு 4101 என்ற எண்ணில் குறித்து வைக்கும். கார்டு கெட்டாலும் அதே எண் வரும் என்பதால், அது மட்டும் சாட்சி ஆகாது. நான் பார்த்தது தேதியை. கடையிலிருந்து வந்த நாளுக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பின் பதினேழு.

பிறகுதான் அந்த டிரைவரோடு தயாரிப்பாளர் வெளியிட்ட ரிலீஸ் நோட்ஸைப் படித்தேன். முதல் பக்கம் முழுக்கப் புது கேம்களுக்கான ஆதரவு. நான் கேமே ஆடுவதில்லை. Fixed Issues பட்டியலில் நான் எப்போதாவது பட்ட கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் இன்னும் சரிசெய்யாத கோளாறுகளைச் சொல்லும் Open Issues பகுதியில், வேறு வேறு ரெஃப்ரெஷ் ரேட் உள்ள இரண்டு மானிட்டர்கள் ஸ்லீப்பிலிருந்து எழும்போது ஒன்று இருட்டாகலாம் என்று தயாரிப்பாளரே எழுதி வைத்திருக்கிறார். என் மேஜையில் இருப்பவை 60 ஹெர்ட்ஸ் ஒன்று, 144 ஹெர்ட்ஸ் ஒன்று. அதாவது எனக்கு லாபம் பூஜ்யம், நஷ்டம் மட்டும் நிச்சயம். இரண்டு நிமிடம் படித்திருந்தால் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

பழைய டிரைவரைத் தேர்வு செய்யும்போதும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு டிரைவரின் குறைகள் முழுதாக அதன் நோட்ஸில் இருக்காது. வெளியான பிறகு தெரியவந்தவை அடுத்தடுத்த டிரைவர்களின் Fixed Issues பட்டியலில்தான் வரும். அதனால் நான் போட நினைத்த பழையதற்குப் பின் வந்த மூன்றின் பட்டியலையும் படித்தேன். எடிட்டிங் சம்பந்தமாக எதுவும் இல்லை. பாதுகாப்பு ஓட்டைகளைத் தயாரிப்பாளர்கள் தனி அறிவிப்பாகப் போடுவார்கள், அதையும் பார்த்துக்கொண்டேன். அதில் என் பதிப்பு சிக்கியிருந்தால் பழையதிலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

சேஃப் மோடில், டிரைவரை அடியோடு நீக்கும் DDU என்ற மென்பொருளை வைத்துப் புதியதைச் சுத்தமாக நீக்கிப் பழையதைப் போட்டேன். பன்னிரண்டு நாள் ஆகிறது, 4101 ஒன்றுகூட இல்லை. கார்டு அதே கார்டுதான்.

400 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, "லேட்டஸ்ட்தானே சார் நல்லது" என்கிறார். கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கும் முன் ஸ்டார்ட் மெனுவில் `dxdiag` அடித்துத் திறந்து, டிஸ்பிளே பக்கத்தில் உள்ள டிரைவர் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, முன்பு எது இருந்தது என்று டவுன்லோட் ஃபோல்டரைத் துழாவித்தான் கண்டுபிடித்தேன்.