குரல் சொல்வதையே திரையிலும் எழுதலாமா? ஒரு மேட்டூர் அணை ஸ்கிரிப்ட், மூன்று வழிகள்

வாய்ஸ் ஓவர் பதிவாகிவிட்டது, ஸ்கிரிப்ட் இனி மாறாது. அந்தக் கோப்பை எடிட்டருக்கு அனுப்பி, "திரையில் வர வேண்டிய டெக்ஸ்ட்டை இதிலிருந்தே எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார்கள். எப்படி எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. பேசுவதை அப்படியே எழுதுகிறவர்கள் உண்டு. முக்கியமான சொற்களை மட்டும் பொறுக்குகிறவர்கள் உண்டு. குரல் சொல்லாமல் விட்டதை மட்டும் திரைக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஒரே பத்தியில் மூன்றையும் போட்டுப் பார்க்கலாம்.

> மேட்டூர் அணை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. இதன் முழுக் கொள்ளளவு தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு ஏழு டி.எம்.சி. குறுவைப் பாசனத்துக்காக ஜூன் பன்னிரண்டாம் தேதி அணையைத் திறப்பது வழக்கம். ஆனால் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை எந்த ஆண்டிலும் ஜூன் பன்னிரண்டு அன்று அணை திறக்கப்படவில்லை.

முதல் வழியில் வேலை குறைவு. வெட்டி ஒட்டினால் போதும். ஆனால் இது வாய்க்காக எழுதிய தமிழ். வாசிப்பவர் தடுமாறக் கூடாது என்று எண்களை எல்லாம் எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம்" என்பதைத் திரையில் போட்டால் அதுவே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். கண் அதைப் படித்து முடிப்பதற்குள் குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். எண்களை இலக்கமாக்கினாலும் பிரச்சினை முழுசாகத் தீராது. படம் ஓடும்போது அதே வாக்கியத்தைக் காதுக்கும் கண்ணுக்கும் சேர்த்துக் கொடுத்தால், பார்ப்பவரின் கண் படத்தை விட்டுவிட்டு எழுத்தின் பின்னால் ஓடுகிறது. பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் இதை மிகைச்சுமை என்ற கணக்கில் வைக்கிறார். படத்தின் பக்கத்திலேயே இரண்டு மூன்று சொல் இருந்தால் மட்டும் அது உதவியாக இருக்கிறது என்று அவரும் செரில் ஜான்சனும் 2008-இல் எழுதினார்கள்.

"போனில் சத்தமில்லாமல் பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் தனி வசனக் கோப்பு இருக்கிறது. வேண்டியவர் போட்டுக்கொள்வார், வேண்டாதவர் அணைத்துவிடுவார்.

```
3
00:00:09,200 --> 00:00:13,400
இதன் முழுக் கொள்ளளவு
93.47 டி.எம்.சி.
```

முழு வாக்கியத்தைப் படத்தோடு ஒட்டிவிட்டால் யாராலும் அணைக்க முடியாது. நான் முழு வரியைத் திரையில் வைப்பது ஒரே ஒரு இடத்தில்தான்: அரசாணை, தீர்ப்பு, கடிதம் என்று ஒரு ஆவணத்தைக் குரல் மேற்கோளாக வாசிக்கும்போது. அங்கே குரலும் எழுத்தும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போக வேண்டும். ஒரு விகுதி மாறினாலும் பார்ப்பவர் பிடித்துவிடுவார்.

இரண்டாவது வழி, சொல் பொறுக்குவது, பார்க்க அழகாக இருக்கும். மேலே உள்ள பத்தியில் 1934, 93.47 டி.எம்.சி., ஜூன் 12 ஆகிய மூன்றும் கிடைக்கும். முதல் இரண்டிலும் சிக்கல் இல்லை. மூன்றாவதில்தான் தமிழ் நம்மைக் கவிழ்க்கும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. திறந்தார்களா இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். பெயர்ச்சொல் காதில் விழும் நொடியிலேயே "ஜூன் 12 / அணை திறப்பு" என்று திரையில் ஏற்றினால், "படவில்லை" வரும் வரைக்கும் திரை தவறான செய்தியைச் சொல்லிக்கொண்டு நிற்கும். சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு அந்தத் தவறு திருத்தப்படுவதே இல்லை.

இதைத் தவிர்க்க நான் ஒரு வேலை செய்வேன். ஸ்கிரிப்ட்டில் இல்லை, அல்ல, ஆனால், தவிர, முன்பு என்று வரும் இடங்களை முதலில் சிவப்பில் வட்டமிடுவேன். அந்த வாக்கியங்களில் எந்தச் சொல்லையும் தனியாகப் பிய்ப்பதில்லை. எதிர்மறையையும் சேர்த்து ஒரு பெயர்ச்சொல் தொடராக மாற்றிவிடுவேன்: "2012–2019: ஜூன் 12-க்குப் பிறகே திறப்பு". அதோடு, அதை வாக்கியத்தின் தொடக்கத்தில் ஏற்றாமல் வினை வரும் இடத்தில் ஏற்றுவேன். இப்படிச் செய்துவிட்டு ஒலியை முழுக்க அணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். எழுத்து மட்டும் சொல்கிற கதை ஸ்கிரிப்ட்டுக்கு முரணாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. குரல் "டி.எம்.சி." என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. செய்தியில் தினமும் கேட்கும் அளவுதான், ஆனால் எவ்வளவு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அந்த இடத்தில் திரையில் "1 டி.எம்.சி. = 100 கோடி கன அடி" என்று வைத்தால், குரலைத் தொந்தரவு செய்யாமல் திரை ஒரு வேலையைச் செய்கிறது. அணையின் படம் வரும்போது மூலையில் "சேலம் மாவட்டம்", "முழு நீர்மட்டம் 120 அடி" என்று வைப்பதும் இதே கணக்குதான். இவை எதுவும் ஸ்கிரிப்ட்டில் இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட்டைப் படிக்கும்போது எங்கே கேள்வி எழுகிறதோ அங்கிருந்துதான் இவை பிறக்கின்றன.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஸ்கிரிப்ட்டுக்கு வெளியே இருந்து எடுப்பதால் ஒவ்வொரு எண்ணையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதியவரிடம் காட்டி ஒப்புதலும் வாங்க வேண்டும். குரல் "சுமார் தொண்ணூற்று மூன்றரை" என்று சொல்லியிருந்தால், துல்லியம் காட்டுகிறேன் என்று திரையில் 93.47 வைக்காதீர்கள். காது ஒன்று கேட்கிறது, கண் வேறொன்று படிக்கிறது, எது சரி என்று பார்ப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அங்கே "சுமார் 93.5" என்று குரலோடு போய்விடுவதே நல்லது.

ஆக இந்தப் பத்திக்கு என் தேர்வு: 1934, கொள்ளளவு இரண்டுக்கும் இரண்டாவது வழி, டி.எம்.சி. விளக்கத்துக்கு மூன்றாவது வழி, "திறக்கப்படவில்லை" வாக்கியத்துக்கு முன்பு சொன்ன பெயர்ச்சொல் தொடர். "ஜூன் பன்னிரண்டாம் தேதி வழக்கம்" என்ற வரிக்கு எதுவும் வேண்டாம். மதகிலிருந்து தண்ணீர் பாயும் காட்சியே போதும். எழுத்து எதுவாக இருந்தாலும் நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் திரையில் நிற்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் சொல்லைக் குறைக்க வேண்டும்.

லோயர் தேர்ட் பெயர்ப்பட்டைக்கு வேறு கணக்கு. அடுத்த காட்சியில் ஒரு விவசாயி பேசுகிறார், குரல் முன்கூட்டியே அவர் பெயரைச் சொல்லி "தஞ்சை மாவட்டத்தில் குறுவை சாகுபடி செய்யும் விவசாயி" என்று அறிமுகம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டையை அந்த அறிமுகத்தின் மேல் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. அவர் முகம் வந்து, பேச ஆரம்பித்த பிறகே போடுவேன். மேல்வரியில் பெயர், கீழ்வரியில் "குறுவை விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்". வினைச்சொல் வேண்டாம், முற்றுப்புள்ளியும் வேண்டாம். இங்கே குரல் சொன்னதையே திரும்பச் சொல்வது தப்பில்லை. ஒருமுறை காதில் விழுந்த பெயர் மனதில் நிற்காது.

எழுத்தை ஒவ்வொன்றாகத் தட்டச்சு போல் வரவழைக்கும் அனிமேஷனைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். "மேட்டூர்" கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறியீடு. பல மென்பொருள்கள் குறியீட்டைத்தான் எண்ணுகின்றன. முதலில் "ம" வரும், அப்புறம் அது "மே" ஆகும், புள்ளி இல்லாத "ட" ஒரு கணம் தலைகாட்டும். சொல் சொல்லாக வரவழையுங்கள். பட்டையின் உயரத்தையும் கவனியுங்கள். லத்தீன் எழுத்துக்கு அளவெடுத்த டெம்பிளேட்டில் "கீ"யின் மேல்சுழியும் "சூ"வின் கால்வளைவும் வெட்டுப்படும்.

1920×1080 சட்டத்தில் பக்கவாட்டில் 96 பிக்சலும் மேலும் கீழும் 54 பிக்சலும் விட்டு எழுதுவது தொலைக்காட்சி வழக்கம். இணையத்துக்கு அந்தக் கீழ் விளிம்பு போதாது. பார்ப்பவர் வசனத்தைப் போட்டால் அது உங்கள் பெயர்ப்பட்டையின் மேலேயே வந்து உட்காரும். வசனம் இரண்டு வரி ஓடும் என்று வைத்து, பட்டையை அதற்கு மேலே ஏற்றிவிடுங்கள். செங்குத்து வீடியோவில் செயலியின் தலைப்பும் பொத்தான்களும் கீழ்ப்பகுதியை மறைப்பதால் இன்னும் மேலே போக வேண்டியிருக்கும், ஆகவே அதற்குத் தனி லேஅவுட்டே போட்டுவிடுங்கள்.