ஹாரிஸா, மேயரா? உட்கருவுக்கு நீலம் ஏற்றும் இரண்டு வழிகள்

ஃபார்மலினில் ஒரு நாள் ஊறி, மெழுகில் பதிந்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் தடிமனில் வெட்டிய திசு கண்ணாடிக்கு வந்துவிட்டது. இனி அதற்கு ஹீமடாக்ஸிலின் ஏற்ற வேண்டும். ஹாரிஸ், மேயர் என்ற இரண்டு கரைசல்களில் எதை எடுப்பது?

இரண்டிலும் மூலப்பொருள் ஒன்றுதான். லாக்வுட் மரத்துச் சாயத்தை ஆக்சிஜனேற்றி, படிகாரத்தோடு சேர்த்தால் அலுமினியம் இடையில் நின்று சாயத்தை உட்கருவோடு பிணைக்கிறது. வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஹாரிஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் சாயம், மேயரில் 1 கிராம்தான். சாயத்தோடு ஒப்பிட்டால் மேயரில் படிகாரம் அதிகம். அந்த உபரி அலுமினியம் இருப்பதால்தான் மேயர் உட்கருவை மட்டும் தேடிப் பிடிக்கிறது, மற்ற இடங்களில் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

இதனால் வேலை செய்யும் முறையே மாறிவிடுகிறது. மேயரில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, போதுமான நிறம் வந்ததும் எடுத்துக் கழுவிவிடலாம். ஹாரிஸில் 5 நிமிடம் வைத்தாலே எல்லாமே அளவுக்கு மீறிச் சாயமேறிவிடும். அப்புறம் 70 சதவீத ஆல்கஹாலில் 1 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த ஆசிட் ஆல்கஹாலில் சில வினாடிகள் முக்கி, உபரியை இறக்க வேண்டும். அமிலம் முதலில் சைட்டோபிளாசத்திலும் கண்ணாடியிலும் தளர்வாக ஒட்டிய சாயத்தைக் கழற்றும். அங்கேயே நிறுத்தாவிட்டால் உட்கருவிலும் கை வைக்கும். நிறுத்துகிற அந்த நொடியைப் பிடிப்பதில்தான் ஹாரிஸின் முழுத் திறமையும் இருக்கிறது.

ஒரு பெருங்குடல் பயாப்ஸியை எடுத்துக்கொள்வோம். ஹாரிஸ் போட்ட ஸ்லைடு இருட்டாக இருக்கிறது. உட்கருக்கள் மை தடவியதுபோல் ஒரே கருநீலம், உள்ளே குரோமாட்டின் தெரியவில்லை. கோப்லெட் செல்களின் சளியும் நீலம் பூசியிருக்கிறது, ஈயோசினின் இளஞ்சிவப்பு ஊதாவாகத் திரிந்திருக்கிறது. சளியும் சைட்டோபிளாசமும் நீலமாக இருப்பதே போதுமான தடயம்: உபரி சரியாக இறங்கவில்லை. வெட்டு தடிமனானதால் வந்த இருட்டு என்றால் ஈயோசினும் சேர்ந்து அடர்ந்திருக்கும், உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதற்குப் புது வெட்டு எடுப்பது ஒன்றே வழி.

முதல் வகை என்றால் காப்பாற்றலாம். சைலீனில் ஊறவைத்துக் கவர்ஸ்லிப்பைக் கழற்றி, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டும். ஈயோசின் வழியிலேயே பெருமளவு இறங்கிவிடும். பிறகு ஆசிட் ஆல்கஹாலில் 2, 3 வினாடி மட்டும் முக்கி, உடனே கழுவி, சோடியம் பைகார்பனேட்டும் மக்னீசியம் சல்ஃபேட்டும் கலந்த ஸ்காட் கரைசலில் நீலமாக்க வேண்டும். ஈரமாகவே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். இன்னும் இருட்டா? மறுபடி 2 வினாடி. ஒரு வேளை வெளிறிப்போனால் திரும்ப ஹீமடாக்ஸிலினில் வைத்துவிடலாம். திருப்தியானதும் புதிதாக ஈயோசின்.

நீலமாக்காமல் பார்த்து முடிவு செய்வது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அமிலத்திலிருந்து வந்த உட்கரு செம்பழுப்பாகத்தான் இருக்கும். காரத்தன்மை ஏறினால்தான் உண்மையான அடர்த்தி தெரியும். இது மேயருக்கும் பொருந்தும்.

அதே பயாப்ஸி மேயரில் போயிருந்தால் சளி நீலமாகும் தொல்லை பெரும்பாலும் வந்திருக்காது. ஒரே தட்டில் இருபது ஸ்லைடுகளைப் போட்டு இயந்திரத்தில் ஓட்டும்போது இது பெரிய நிம்மதி. ஹாரிஸில் இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே 5 வினாடிதான் அமிலத்தில் முக்கும். 3 மைக்ரான் கல்லீரலுக்குச் சரியாக இருக்கும் அந்த நேரம், செல்கள் நெருக்கமான நிணநீர்க் கணுவுக்குப் போதாது.

ஆனால் மேயர் சீக்கிரம் களைத்துவிடும். சாயமே குறைவு என்பதால், ஒவ்வொரு தட்டும் கொண்டுவரும் தண்ணீரில் கரைசல் நீர்த்துப்போய், வாரக்கடைசியில் உட்கருக்கள் வெளிறத் தொடங்கும். ஒரு துளியைக் குழாய்த் தண்ணீரில் விட்டால் உடனே நீலஊதாவாக மாற வேண்டும். சிவப்பாகவோ பழுப்பாகவோ நின்றால் கரைசலை மாற்றுங்கள். எலும்பைப்போல அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கிய திசுவில் உட்கரு சாயத்தைப் பிடிக்கவே தயங்கும். அங்கே ஹாரிஸை நீட்டி வைத்து, அமிலத்தை மிகக் குறைத்துக்கொள்வதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஹாரிஸின் மேல் படியும் உலோகப் பளபளப்பைத் தினமும் வடிகட்ட மறக்கக்கூடாது. இல்லையென்றால் அது கருந்துகள்களாகத் திசுவின் மேல் உட்கார்ந்துவிடும்.

இம்யூனோ சாயமேற்றலில் ஏஇசி என்ற சிவப்பு வண்ணத்தைப் பயன்படுத்தினால் பேச்சே இல்லை, மேயர்தான். ஏஇசி ஆல்கஹாலில் கரையும். ஆசிட் ஆல்கஹாலில் முக்கினால் தேடிய சிவப்பே போய்விடும்.

கையால் சாயமேற்றி, விதவிதமான திசுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய நேரம் இருந்தால் நான் ஹாரிஸையே எடுப்பேன். குரோமாட்டினை அவ்வளவு கூர்மையாகக் காட்டுகிறது. இயந்திரத்தில் ஓட்டுவதாக இருந்தால் மேயர், கூடவே அந்தத் தண்ணீர்ச் சோதனை தினமும் காலையில்.